கடன் கொடுத்தவரிடம் தரும் பின்தேதியிட்ட காசோலைகளைத் தவணையோடு ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு தவணைக்குப் பன்னிரண்டு காசோலை எழுதி முடித்துவிட்டேன். கூட்டிப் பார்த்ததில் 2 மட்டும்தான் வித்தியாசம். அப்படியே கொடுத்துவிடலாமா?

கொடுக்க வேண்டாம். எண்ணிக்கை சரியாக இருப்பதும் கூட்டுத்தொகை நெருங்கி வருவதும், ஒவ்வொரு தவணைக்கும் அதற்குரிய காசோலை இருக்கிறது என்பதற்குச் சான்றாகா. ஒரு மாதத்துக்கு இரண்டு காசோலை எழுதி, வேறொரு மாதத்தை விட்டுவிட்டாலும் எண்ணிக்கை பன்னிரண்டாகவே இருக்கும், கூட்டுத்தொகையும் மாறாது. தேதிப் பிழை எதையும் கூட்டல் காட்டிக்கொடுக்காது.

ஒரு காசோலைக் கட்டை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். இந்தப் பக்கம் முழுவதும் அதே கட்டுதான் வரும். கடன் 1,20,000; வட்டி குறையும் நிலுவையின் மேல் மாதம் 1 சதவீதம்; தவணை பன்னிரண்டு. முதல் பதினொரு தவணைகள் தலா 10,662. கடைசித் தவணை 10,660. முதல் தவணை 30-09-2025 அன்று. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 30ஆம் தேதி. கடன் வாங்கியவர் எழுதிய காசோலைகள் பின்வருமாறு இருந்தன. எல்லாவற்றிலும் எண்ணால் எழுதிய தொகை 10,662.

| தவணை | அட்டவணைத் தேதி | காசோலை எண் | காசோலையில் உள்ள தேதி |
|---|---|---|---|
| 1 | 30-09-2025 | 418231 | 30-09-2025 |
| 2 | 30-10-2025 | 418232 | 30-10-2025 |
| 3 | 30-11-2025 | 418233 | 30-11-2025 |
| 4 | 30-12-2025 | 418234 | 30-12-2025 |
| 5 | 30-01-2026 | 418235 | 30-01-2025 |
| 6 | 28-02-2026 | 418237 | 28-02-2026 |
| 7 | 30-03-2026 | 418238 | 30-03-2026 |
| 8 | 30-04-2026 | 418239 | 30-05-2026 |
| 9 | 30-05-2026 | 418240 | 30-05-2026 |
| 10 | 30-06-2026 | 418241 | 30-06-2026 |
| 11 | 30-07-2026 | 418242 | 30-07-2026 |
| 12 | 30-08-2026 | 418243 | 30-08-2026 |

இந்தக் கட்டில் நான்கு பிழைகள் இருக்கின்றன. ஐந்தாவது காசோலையில் ஆண்டு தவறு. ஏப்ரலுக்குக் காசோலை இல்லை, மே மாதத்துக்கு இரண்டு இருக்கின்றன. கடைசிக் காசோலையில் 10,660 இருக்க வேண்டிய இடத்தில் 10,662 இருக்கிறது. நான்காவது பிழை அட்டவணையில் தெரியாது: மூன்றாவது காசோலையில் எண்ணால் 10,662 என்றும் எழுத்தால் ‘பத்தாயிரத்து அறுநூற்று இருபத்தாறு’ என்றும் இருக்கிறது. நீங்கள் கண்ட அந்த 2 வித்தியாசம் கடைசிக் காசோலையை மட்டுமே சுட்டுகிறது. மற்ற மூன்றையும் கூட்டல் சத்தமில்லாமல் கடந்து போய்விட்டது.

அப்படியானால் எந்த முறையில் ஒப்பிட வேண்டும்?

இரண்டு திசையிலும் ஒப்பிட வேண்டும். முதலில் தவணை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் உரிய காசோலையைக் கட்டிலிருந்து தேடி எடுத்து, அந்த வரியில் காசோலை எண்ணைக் குறிக்க வேண்டும். இதில் விடுபட்ட தவணை தெரிந்துவிடும். ஏப்ரல் வரிக்கு வரும்போது கட்டில் எதுவும் கிடைக்காது. பிறகு திசையை மாற்றி, கட்டிலுள்ள ஒவ்வொரு காசோலையாக எடுத்து, அது அட்டவணையின் எந்த வரிக்கு உரியது என்று பார்க்க வேண்டும். இதில் மிகுதியானது தெரியும். மே மாதத்து இரண்டாவது காசோலைக்கு இடம் இருக்காது, ஏனென்றால் அந்த வரியில் ஏற்கெனவே ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும்.

முதல் திசையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துபவர்களே அதிகம். காசோலைகளை வரிசையாக அடுக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனால், அடுத்து வருவது ஏப்ரல் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. கண் ‘05’ என்பதை ‘04’ என்றே படித்துவிடுகிறது. அதனால் இரண்டாவது திசையில் பார்க்கும்போது கட்டைக் கலைத்துவிட்டுப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். வரிசை கலைந்த காசோலையில் தேதியை உண்மையாகவே படித்தாக வேண்டும். இன்னொருவர் உடனிருந்தால், எழுதியவர் அட்டவணையை வைத்துக்கொள்ளட்டும், மற்றவர் காசோலையை உரக்கப் படிக்கட்டும். எழுதியவரே படித்தால் தான் எழுத நினைத்ததைத்தான் படிப்பார்.

கடைசித் தவணை மட்டும் ஏன் 10,660? மற்றவற்றைப் போலவே எழுதினால் என்ன?

சூத்திரப்படி வரும் சரியான தவணை 10,661.85. அதை முழு எண்ணாக்கி 10,662 என்று வாங்கும்போது, ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு பின்னம் கூடுதலாகப் போகிறது. ஒவ்வொரு மாத வட்டியையும் முழு எண்ணாக்குவதில் இன்னும் சிறிது ஏறி இறங்கும். இவை எல்லாம் கடைசித் தவணையில் தீர்க்கப்படும். நம் கட்டில் பதினோராவது தவணை கட்டிய பிறகு நிற்கும் அசல் 10,554. அதற்கு ஒரு மாத வட்டி 106. ஆகக் கடைசித் தவணை 10,660. முழுக் கடனுக்கும் கட்ட வேண்டியது 1,27,942.

2 என்பது பெரிய தொகையல்லதான். ஆனால் மிகையாகக் கட்டினால் கடன் கணக்கில் ஒரு வரவு நிலுவை தொங்கிக்கொண்டிருக்கும். குறைவாகக் கட்டினால் அது பற்றாக நின்று, கணக்கு முடிந்ததாகச் சான்று தருவதையே தாமதமாக்கக்கூடும். நம் கட்டில் வித்தியாசம் இரண்டாக இருப்பது தற்செயல். வேறு அசலிலும் வேறு வட்டியிலும், குறிப்பாகத் தவணையை நூறாகவோ ஐந்நூறாகவோ முழுமையாக்கியிருந்தால், கடைசித் தவணை மற்றவற்றிலிருந்து வெகுவாக மாறி நிற்கும். எனவே கடைசி வரியைத் தனியாகப் படித்து, கடைசிக் காசோலையைத் தனியாக எழுதுங்கள்.

முதல் தவணையிலும் இதே கவனம் வேண்டும். கடன் 20ஆம் தேதி கைக்கு வந்து, முதல் தவணைத் தேதி முழு மாதத்துக்கு முன்போ பின்போ விழுந்தால், அந்த இடைப்பட்ட நாட்களுக்கான வட்டியைச் சிலர் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். சிலர் முதல் தவணையோடு சேர்ப்பார்கள். இதை அட்டவணையின் முதல் வரி சொல்லும். வாய்வழியாகச் சொன்ன ‘மாதத் தவணை இவ்வளவு’ என்பதை வைத்து எழுதக் கூடாது. ஒப்பிடுவதற்கு அடிப்படை, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு இணைந்த அட்டவணைதான்.

தவணைத் தேதி 30. பிப்ரவரிக்கு என்ன தேதி போடுவது?

அட்டவணையில் என்ன தேதி இருக்கிறதோ அதையே போடுங்கள். பெரும்பாலும் அது மாதக் கடைசி நாளாக, 28 அல்லது 29ஆக இருக்கும். 30-02-2026 என்று நாட்காட்டியில் இல்லாத தேதியை எழுதிவிட்டால், அதை மாதக் கடைசி நாளாக எடுத்துக்கொள்ளும் வங்கியும் உண்டு, திருப்பிவிடும் வங்கியும் உண்டு. அந்த முடிவைக் கவுன்ட்டரில் இருப்பவரிடம் விடுவதற்குக் காரணமே இல்லை. தவணைத் தேதி 31 என்றால் இந்தக் கேள்வி பிப்ரவரியோடு முப்பது நாள் மாதங்களிலும் எழும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று மார்ச்சில் வருகிறது. பிப்ரவரியில் 28க்கு இறங்கிய தேதி மார்ச்சில் 30க்குத் திரும்ப வேண்டும். முந்தைய காசோலையைப் பார்த்து அடுத்ததை எழுதுபவர்கள், மார்ச் முதல் எல்லாவற்றிலும் 28 என்றே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் தவணை தவறாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் முன்னதாகவே பணம் கணக்கில் இருந்தாக வேண்டும். சம்பளம் 29ஆம் தேதி வருபவருக்கு அந்த இரண்டு நாள்தான் காசோலை திரும்புவதற்கும் திரும்பாததற்கும் இடையிலான வித்தியாசம்.

ஜனவரிக் காசோலையில் பழைய ஆண்டைப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அவர்களே புரிந்துகொள்ள மாட்டார்களா?

கடன் கொடுத்தவருக்குப் புரியலாம். வங்கி எழுதியிருப்பதை மட்டுமே படிக்கும். காசோலைக்கு ஆயுள் உண்டு. இந்தியாவில் 2012 ஏப்ரல் 1 முதல், காசோலையில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைச் செலுத்தியாக வேண்டும். ஆறு மாதம் வரை ஏற்கும் நாடுகளும் உண்டு. நம் கட்டின் 418235ஆம் காசோலை 2025 ஆகஸ்டு முடிவில் ஒப்படைக்கப்படும்போதே, அதிலுள்ள 30-01-2025 என்ற தேதிக்கு ஏழு மாத வயதாகிவிட்டது. அதாவது ஒப்படைத்த அன்றைக்கே அது செல்லாத காசோலை. அடுத்த ஜனவரி 30 அன்று அதைக் கணக்கில் போட்டால், காலாவதியானது என்ற காரணத்தோடு திரும்பும். தவணை தவறியதாகப் பதிவாகும். திரும்பியதற்கான கட்டணமும் சேரும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. டிசம்பர் 2025 தவணைக்கு 30-12-2026 என்று எழுதிவிட்டால், அந்த நாள் வரும்வரை வங்கி பணம் தராது. கடன் முடிந்து நான்கு மாதம் கழித்து ‘பிறக்கிற’ ஒரு காசோலை கையெழுத்தோடு வெளியே இருக்கும். காலாவதியான காசோலையைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது: அந்தத் தவணையை வேறு வழியில் கட்டிவிட்டு இந்தக் காசோலையைத் திரும்பப் பெற மறந்தால், ஓராண்டு கழித்து ஒருநாள் அது கணக்கில் வந்து நிற்கும்.

ஆண்டு மாறும் இடத்தில் இரண்டு காசோலைகளையும், அதாவது டிசம்பரையும் ஜனவரியையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பழைய ஆண்டும் மற்றதில் புதிய ஆண்டும் இருக்க வேண்டும். அத்துடன் தவணைத் தேதி 12 அல்லது அதற்குள் இருந்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 05-06 என்பதும் 06-05 என்பதும் இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள் என்பதால், பார்த்த மாத்திரத்தில் பிழை என்று தோன்றாது. முப்பதாம் தேதித் தவணையில் இந்த ஒரு தொல்லை மட்டும் இல்லை.

எண்ணால் எழுதியது சரியாக இருக்கிறது, எழுத்தில்தான் தவறு. பரவாயில்லையா?

எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தால் எழுதிய தொகையே காசோலையின் தொகை என்பது இந்தியச் சட்டத்தில் மட்டுமல்ல, வேறு பல நாடுகளின் காசோலைச் சட்டங்களிலும் உள்ள விதி. நடைமுறையில் பல வங்கிகள் இப்படிப்பட்ட காசோலையைத் திருப்பியே விடுகின்றன. எப்படியானாலும் தவணை முழுதாகப் போய்ச் சேராது: சட்டப்படி எடுத்துக்கொண்டாலும் நம் மூன்றாவது காசோலையின் மதிப்பு 10,626; தவணைக்கு 36 குறைகிறது.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஒப்பிடும்போது எழுத்தால் எழுதியதை முதலில் படித்து, அதைத் தனித்தாளில் எண்ணாக மாற்றிக்கொண்டு, அந்த எண்ணை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அதன்பின் காசோலையின் எண் கட்டத்தைப் பாருங்கள். எண் கட்டத்தை முதலில் பார்த்துவிட்டால் எழுத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. எழுத்துப்படி கூட்டினால் நம் கட்டின் மொத்தம் 1,27,908. எண்ணின்படி கூட்டினால் 1,27,944. இரண்டுக்கும் இடையிலுள்ள 36 ஒன்பதால் வகுபடுகிறது. இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பதால், அப்படிப்பட்ட வித்தியாசத்தைக் கண்டால் 62க்கு 26 போன்ற பிழையைத் தேடத் தொடங்கலாம். வேறு பிழைகளாலும் ஒன்பதின் மடங்கு வரக்கூடும் என்பதால் இதைத் துப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

காசோலை எண்கள் வரிசையாக இல்லை, நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது பிழையா?

அதுவே பிழை ஆகாது. ஆனால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். நம் கட்டில் 418236 இல்லை. எழுதியவர் அந்தத் தாளில் 30-02 என்று தொடங்கிவிட்டு, தவறை உணர்ந்து அதைக் கெடுத்துவிட்டார். பன்னிரண்டு காசோலை என்றவுடன் ‘418231 முதல் 418242 வரை’ என்று ஒப்புகையில் எழுதிவிடுவது வழக்கம். அப்படி எழுதினால் இல்லாத 418236 கொடுக்கப்பட்டதாகவும், கையிலிருந்து போன 418243 கொடுக்கப்படாததாகவும் ஆவணம் சொல்லும். எனவே ‘முதல்–வரை’ என்று எழுதாமல், ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கெட்ட தாளின் குறுக்கே ‘ரத்து’ என்று பெரிதாக எழுதி, கையெழுத்து இட்டிருந்தால் அந்தப் பகுதியைக் கிழித்து, மீதியைக் காசோலைப் புத்தகத்தோடு வைத்திருங்கள். கெட்ட தாளும் தவறிப்போய்க் கட்டோடு சேர்ந்து கடன் கொடுத்தவரிடம் போய்விடக் கூடாது.

கணினியில் விரிதாளில் போட்டுச் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, ஆனால் காசோலைப் பக்கத்து விவரங்களை அட்டவணையிலிருந்து நகலெடுக்காமல், ஒவ்வொரு காசோலையையும் கண்ணால் பார்த்துத் தட்டெழுதினால்தான் அதற்குப் பயன். நகலெடுத்தால் அட்டவணையை அட்டவணையோடு ஒப்பிட்டதாகிவிடும்.

A நெடுவரிசையில் தவணை எண், B-யில் அட்டவணைத் தேதி, C-யில் தவணைத் தொகை; E-யில் காசோலை எண், F-இல் காசோலைத் தேதி, G-யில் எழுத்தால் எழுதியிருக்கும் தொகையை எண்ணாக்கியது. B2-இல் முதல் தேதியை இட்டு, B3 முதல் பின்வரும் முதல் சூத்திரத்தை இழுத்துவிடலாம். இரண்டாவது D2-க்கும் மூன்றாவது H2-க்கும் உரியவை.

```
=EDATE($B$2,A3-1)
=COUNTIFS($F$2:$F$13,B2,$G$2:$G$13,C2)
=COUNTIFS($B$2:$B$13,F2,$C$2:$C$13,G2)
```

EDATE எப்போதும் முதல் தேதியிலிருந்தே எண்ணும்படி இருக்க வேண்டும். முந்தைய வரியிலிருந்து ஒரு மாதம் கூட்டும்படி எழுதினால், பிப்ரவரியின் 28 மார்ச்சிலும் அதற்குப் பின்னும் ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன கைப்பிழையைக் கணினியும் செய்யும். இப்படி உருவாக்கிய தேதிகளையும் கையெழுத்திட்ட அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

D நெடுவரிசையில் எல்லா வரியிலும் 1 வர வேண்டும். நம் கட்டில் மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது, பன்னிரண்டாவது வரிகளில் 0 வரும். ஒன்பதாவது வரியில் 2 வரும். நான்கு பிழைகளும் இதிலேயே பிடிபட்டுவிடுகின்றன. H நெடுவரிசை எதிர்த்திசைக்கு: எந்தத் தவணையிலும் பொருந்தாத காசோலைக்கு 0 காட்டும். மே மாதத்து இரண்டு காசோலைகளுக்கும் அது 1 என்றே காட்டும் என்பதைக் கவனியுங்கள். இரட்டிப்பை D-தான் சொல்லும். கட்டில் பதின்மூன்றாவதாக ஒரு காசோலை இருந்தால், F, G எல்லைகளையும் ஒரு வரி நீட்டிக்கொள்ள வேண்டும்.

30-11-2025 ஞாயிற்றுக்கிழமை. தேதியை முன்னோ பின்னோ மாற்றி எழுதலாமா?

மாற்ற வேண்டாம். ஞாயிறு விடுமுறையாக உள்ள இடத்தில், அந்தக் காசோலை அடுத்த வேலை நாளில் செலுத்தப்படும். நீங்களாகவே 01-12-2025 என்று எழுதினால், அட்டவணைப்படி அது ஒரு நாள் தாமதம். ஒப்பந்தமே ‘அடுத்த வேலை நாள்’ என்று தேதியை நகர்த்தியிருந்தால் மட்டும் அந்தத் தேதியை எழுதுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே கணக்கில் வைத்துவிடுவது நல்லது. நம் அட்டவணையில் கடைசித் தேதியான 30-08-2026-உம் ஞாயிறுதான்.

தவறாக எழுதியதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதாதா?

புதிய தாளில் எழுதிக் கொடுங்கள். காசோலையின் பிம்பத்தை வைத்துத் தீர்வு செய்யும் முறையில், இந்தியாவில் தேதியைத் தவிர வேறு எதிலும், அதாவது பெயரிலோ தொகையிலோ, திருத்தம் ஏற்கப்படுவதில்லை. தேதித் திருத்தமும் பல மாதம் கழித்து யாரோ ஒருவர் முன் போய் நிற்கும்போது கேள்விக்குள்ளாகலாம். ஒரு தாள் கூடுதலாகச் செலவாவது பெரிதல்ல.

நம் கட்டில் மாற்ற வேண்டியவை நான்கு: 418233, 418235, 418243, அத்துடன் மே மாதத்து இரண்டில் ஒன்று. அது 418239 ஆகட்டும். வரிசைப்படி அதுதான் ஏப்ரலுக்கு எழுதப்பட்டது. புதிய எண்கள் நான்கும் அட்டவணையில் பழையவற்றின் இடத்தில் ஏறும். கட்டு ஏற்கெனவே கைமாறிவிட்டிருந்தால், பழையதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே புதியதைக் கொடுங்கள். ‘அதை நாங்களே கிழித்துவிடுகிறோம்’ என்ற சொல்லை ஏற்க வேண்டாம்.

பெயர், கையெழுத்து இவற்றையும் பார்க்க வேண்டுமா?

ஆம், அது சில நிமிட வேலை. பெறுபவர் பெயர் ஒப்பந்தத்தில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும். பெயரை அடுத்துக் கடன் கணக்கு எண்ணையும் எழுதினால் பணம் வேறு கணக்கில் வரவாகாது. இடது மூலையில் இரு கோடிட்டு ‘அக்கவுண்ட் பேயி’ என்று எழுதியிருக்க வேண்டும். கூட்டுக் கணக்கானால், கையெழுத்திட வேண்டிய எல்லோரும் எல்லாத் தாளிலும் இட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கையெழுத்தை எப்போதும் கடைசியில், ஒப்பிட்டு முடித்த பிறகே இடுங்கள்.

தவணைக் காசோலைகளோடு தேதியும் தொகையும் எழுதாத இரண்டு காசோலைகளையும் ‘பாதுகாப்புக்கு’ என்று கேட்கிறார்கள். இவற்றை எதில் சேர்ப்பது?

தவணைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. தனிப் பட்டியலாக எழுத வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை வைத்திருப்பவருக்கு அதை நிரப்பும் உரிமையை இந்தியச் சட்டம் உட்படப் பல சட்டங்கள் தருகின்றன. எனவே ‘வெற்றுத்தாள்தானே’ என்று எண்ணிக் கொடுக்கக் கூடியதல்ல அது. முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், அதன் எண், எதற்காகக் கொடுக்கப்பட்டது, எந்த நிலையில் மட்டும் நிரப்பப்படலாம், கடன் முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்பவை கடன் கொடுத்தவரின் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரையும், இயன்றால் மேல் வரம்பாக ஒரு தொகையையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

நடுவில் ஒரு தொகையை மொத்தமாகக் கட்டினால், கொடுத்து வைத்த காசோலைகள் என்ன ஆகும்?

அன்றோடு பழைய ஒப்பீடு செல்லாததாகிவிடும். எஞ்சிய காசோலைகளைப் புதிய அட்டவணையோடு மீண்டும் ஒப்பிட வேண்டும். தவணைத் தொகையைக் குறைத்துக்கொண்டால் எஞ்சிய எல்லாக் காசோலைகளையும் மாற்ற வேண்டும். காலத்தைக் குறைத்துக்கொண்டால் கடைசிச் சில காசோலைகள் மட்டும் திரும்பி வர வேண்டும். ஆனால் வால் போல ஒரு சிறு தொகை மிஞ்சுகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

நம் கடனில் ஆறாவது தவணைக்குப் பிறகு நிற்கும் அசல் 61,789. அன்றே 20,000 கூடுதலாகக் கட்டினால் 41,789 ஆகும். தவணை அதே 10,662 என்றால், பத்தாவது தவணைக்குப் பிறகு 193 மிஞ்சும். பதினோராவது மாதத்தில் வட்டி 2 சேர்ந்து 195. ஆனால் 30-07-2026 தேதியிட்ட 10,662க்கான காசோலை அவர்களிடம் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறாவிட்டால், 195 பாக்கிக்கு 10,662 போய்விடும். 20,000க்குப் பதிலாக 20,187 கட்டியிருந்தால், இதே முழு எண்ணாக்கும் முறையில், பத்தாவது காசோலையே சரியாகக் கடனை முடித்திருக்கும். பதினொன்றையும் பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்படைத்த பிறகு நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

காசோலை எண், தேதி, தொகை மூன்றும் வரி வரியாக உள்ள பட்டியலில் கடன் கொடுத்தவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘பன்னிரண்டு காசோலைகள் பெறப்பட்டன’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுத்துக்கொள்வதும் நல்லது.

பிறகு மாதந்தோறும் வங்கிக் கணக்கு விவரத்தில் வரும் காசோலை எண்ணை அந்தப் பட்டியலில் அடித்துக்கொண்டு வாருங்கள். தொகை மட்டும் போயிருக்கிறதா என்று பார்ப்பது போதாது, எந்த எண் போயிருக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் ஜூன் காசோலையின் எண்ணைக் கண்டால் அன்றைக்கே கேட்க வேண்டும். ஒரு மாதத் தவணையை நேரடியாகப் பரிமாற்றம் செய்தால், அந்த மாதக் காசோலையைக் கையோடு திரும்பப் பெறுங்கள். பெறாமல், வங்கியில் அதன் பணத்தை நிறுத்தச் சொல்வதைக் கடைசி வழியாக மட்டுமே வையுங்கள். இந்தியாவில் அப்படி நிறுத்தியதால் திரும்பிய காசோலையும் குற்றவழக்குக்கு வழிவகுக்கலாம், அப்போது தவணை வேறு வழியில் கட்டப்பட்டது என்று காட்டும் பொறுப்பு உங்கள்மேல் விழும்.

கடன் முடியும் நாளில், பட்டியலில் அடிக்கப்படாத எண் எது நின்றாலும் அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கணக்கு முடிந்ததற்கான கடிதத்தில் திருப்பித் தந்த காசோலைகளின் எண்களையும் எழுதச் சொல்லுங்கள்.